எல்லாக் கட்டத்திலும் டிக்

என் தங்கை மகன் இட்லி மாவு வியாபாரம் தொடங்கப் போகிறான். வங்கியில் சிறுதொழில் கடன் பார்த்தவன் நான் என்பதால், போன மாதம் திட்ட அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தான். மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் ஐந்து மாவு கம்பெனிகள், ஆறாவதாக இவன். மேலே ‘ரசாயனம் இல்லை’, ‘சிறுதானியம் உண்டு’, ‘வீட்டுக்கே டெலிவரி’, ‘செல்போன் ஆப்’ என்று தலைப்புகள். மற்றவர்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக். இவனுக்கு மட்டும் வரிசை முழுக்க டிக்.

“பாருங்க மாமா, இதையெல்லாம் சேர்த்து யாருமே பண்ணல.”

இந்த அட்டவணையை நான் முப்பது வருடம் பார்த்தவன். தொழில்தான் மாறும், கடைசி வரிசை எப்போதும் நிறைந்தே இருக்கும். தலைப்புகளை எழுதுவதே அவர்தானே! ஆரம்ப காலத்தில் நானும் அதைப் பார்த்து மயங்கிக் கடனுக்குச் சிபாரிசு எழுதியிருக்கிறேன்.

ஒரு கட்டம் காலியாக இருந்தால் காரணம் பல. அதை யாரும் கேட்காமல் இருக்கலாம். கேட்டாலும் அந்த விலைக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் இருக்கலாம். கேட்பவர் இருந்தும், விற்பவர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். இந்தக் கடைசி வகைதான் சந்தையில் உள்ள உண்மையான இடைவெளி. அட்டவணையில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு நம்ம ஊர்க் கதையையே சொன்னேன். அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-ல், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு தொடங்கினார். அந்தக் காலத்துக் கண்புரை ஆபரேஷன் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி பார்வை போன மாதிரிதான். பிறகு கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு, ஒன்று 100 டாலர் அளவில். பணம் உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குப் பெரும்பாலும் சோடாபுட்டிதான். நன்கொடையாக வந்த லென்ஸ்கள் எல்லாருக்கும் போதவில்லை.

அன்று லென்ஸ் கம்பெனிகளை வரிசையாக எழுதி அட்டவணை போட்டிருந்தால், தரம், அளவு, பாதுகாப்பு எல்லாவற்றிலும் எல்லாருக்கும் டிக் விழுந்திருக்கும். ‘இடமே இல்லை’ என்று மூடி வைத்திருப்பார்கள். அந்த அட்டவணையில் இல்லாத வரிசை ஒன்று உண்டு: சோடாபுட்டிக் கண்ணாடி. லென்ஸ் கம்பெனிகளுக்கு உண்மையான போட்டி அதுதான். அதை மாட்டிக்கொண்டு போனவர்கள் லென்ஸை வேண்டாம் என்றவர்கள் இல்லை, விலை எட்டாதவர்கள். அந்த விலைக்கும் செய்கூலிக்கும் வெகு தூரம். வருடத்துக்கு எத்தனை ஆபரேஷன் என்ற கணக்கும் ஆஸ்பத்திரி ஏட்டிலேயே இருந்தது, முதல் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, 10 டாலர் அளவில் லென்ஸ் கொடுத்தார்கள்.

“அப்ப என் அட்டவணையில எது மாமா இல்லை?”

வீட்டுக் கிரைண்டர் இல்லை. சாயங்காலம் தெருவில் வாளியோடு உட்கார்ந்து மாவு விற்கும் அம்மா இல்லை. “கம்பெனிகளை விடு மாப்ளே. நாலு சாயங்காலம் மளிகைக் கடை ஃபிரிட்ஜ் பக்கத்துல நில்லு. எடுக்கிறவங்களைப் பார்க்காத, எடுத்துட்டு திரும்ப வைக்கிறவங்களைப் பாரு” என்றேன்.

போய் நின்றான். ஆப் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சிறுதானியத்தை இரண்டு பேர் விசாரித்துவிட்டு, விலையைக் கேட்டதும் நகர்ந்துவிட்டார்கள். ஆனால் வயதானவர்கள் ஒரு கிலோ பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்ததை நாலு நாளும் பார்த்திருக்கிறான். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் இரண்டே பேர், மூன்றாம் நாள் மாவு புளித்துப் போகிறது. ஒரு பாட்டி அடுத்த வீட்டுக்காரியோடு பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறாராம். ஆபும் சிறுதானியமும் அவன் ஆசை, இது அவர்கள் ஏற்கெனவே சிரமப்பட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கும் விஷயம். ‘கால் கிலோ’ என்ற தலைப்பே அவன் அட்டவணையில் இல்லை.

அதற்காக உடனே துள்ளவும் கூடாது. மற்றவர்கள் ஏன் போடவில்லை என்று கணக்குப் பார்த்தோம். கிலோ 50 ரூபாய், கால் கிலோ 15 என்று வைத்தால் நாலு பாக்கெட்டுக்கு 60 வரும், 10 ரூபாய் கூடுதல். கவர் ஒன்றுக்கு 3 ரூபாய் வீதம் கூடுதலாக மூன்று கவருக்கு 9 போய்விடும். மிச்சம் ஒரு ரூபாய். விற்காமல் திரும்பும் மாவு அதையும் தின்றுவிடும். ஆகவே இது வெறும் காலிக் கட்டமா, நிஜமான இடமா என்பது தினமும் எத்தனை பாக்கெட் திரும்பி வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

கடன் மனுவைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே கடையில் தினம் 20 சின்னப் பாக்கெட் வைத்துப் பார்க்கிறான். பத்து நாளாக 14, 15 போகிறதாம். மீதி யார் கணக்கு என்று கடைக்காரரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.