கேள்விக்குள் உங்கள் டிரம் இருக்கட்டும்



சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ‘லெரிக்’ என்ற பெயரில் ஒரு கூட்டம் நடத்துவது நம் பகுதிக்குப் பழக்கமான செய்தி. தோலை ஆய்வுக்கூடத்தில் பார்ப்பவர்களும் டேனரியில் பார்ப்பவர்களும் ஒரே அரங்கில் உட்காரும் இடம் அது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள் அங்கே போவதுண்டு. ஆனால் இப்படிப்பட்ட அரங்குகளில் உரை முடிந்து, “கேள்வி ஏதும் உண்டா?” என்று மைக்கை நீட்டும்போது நம்மவர்கள் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தேநீர் நேரத்தில் தங்களுக்குள் பேசும்போதுதான் அருமையான சந்தேகங்கள் வெளியே வருகின்றன. அந்தச் சந்தேகங்களை மேடைக்குக் கொண்டுபோவது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசலாம் என்று நினைத்தேன்.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். குரோம் மீட்பு பற்றி ஒருவர் உரையாற்றுகிறார். விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். வழக்கமான குரோம் பதனிடுதலில் போடும் குரோம் முழுவதும் தோலில் பிடிப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிரம் தண்ணீரோடு வெளியேறிவிடுகிறது. அந்தத் தண்ணீரை மற்றக் கழிவுநீருடன் சேர்க்காமல் தனியே பிடித்து, நாரும் தூசும் போக வடிகட்டி, மக்னீசியம் ஆக்சைடைத் தூவிக் கலக்குகிறோம். பி.எச். அளவு எட்டைத் தாண்டும்போது குரோம் பச்சைச் சேறாக அடியில் படிகிறது. இரவு முழுக்க விட்டு, காலையில் தெளிந்த நீரை வடித்துவிட்டு, சேற்றைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி பயன்படும் குரோம் கிடைக்கிறது. சுண்ணாம்பிலும் படியும்; ஆனால் சேறு பொங்கிப் பெருத்து நிற்கும். மக்னீசியம் ஆக்சைடில் அது இறுகிக் கெட்டியாகப் படிவதால் அதையே விரும்புகிறார்கள்.

உரை முடிந்ததும் ஒருவர் எழுந்து, “இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா சார்?” என்கிறார். “வரும், பல இடங்களில் செய்கிறார்கள்” என்று பதில் வருகிறது. வேறு என்ன சொல்ல முடியும்? கேட்டவருடைய டேனரி எப்படிப்பட்டது என்று பேசியவருக்குத் தெரியாது. இன்னொருவர் கழிவுநீர்ப் பிரச்சினையின் வரலாற்றை ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு, “இதுபற்றி உங்கள் கருத்து?” என்று முடிக்கிறார். அதற்கும் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

இப்போது ஒரு சூப்பர்வைசர் எழுந்து இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “சார், எங்களுக்குச் செம்மறித் தோல்தான் அதிகம் வருது. குரோம் தண்ணியில கொழுப்பு மிதக்குது. மக்னீசியம் ஆக்சைடு போட்டு ராத்திரி முழுக்க விட்டாலும் காலையில தெளியறதில்ல. நீங்க சோதிச்ச தண்ணி எந்தத் தோல்லேருந்து வந்தது?”

மேடையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். “வெள்ளாட்டுத் தோல்தாங்க. உங்க மேல்தண்ணி பச்சையா இருக்கா, இல்ல வெறும் கலங்கலா? மாஸ்கிங்குக்கு ஃபார்மேட் ஏதாவது போடறீங்களா?” என்று அவர் திருப்பிக் கேட்பார்.

உரையாடல் தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம்: பேசியவர் உங்களிடம் கேள்வி கேட்கிறார். அவர் கேட்ட இரண்டும் வெறும் மரியாதைக் கேள்விகள் அல்ல. மேல்தண்ணி பச்சையாக இருந்தால் குரோம் இன்னும் நீரில் கரைந்தே இருக்கிறது, பி.எச். போதவில்லை, அல்லது ஃபார்மேட் போன்ற பொருள் குரோமைப் படியவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. நிறமில்லாமல் கலங்கி, மேலே ஆடை கட்டினால் சந்தேகம் கொழுப்பின் பக்கம் போகும். முதல் கேள்வி இரண்டு காரணங்களையும் பிரித்துக் காட்டுகிறது. அவருடைய ஆய்வில் கொழுப்பு குறைவான தோல் இருந்ததால் இந்தச் சிக்கல் அவர் கண்ணில் படாமலே போயிருக்கலாம். கேட்டவருக்கு ஒரு வழி கிடைத்தது. சொன்னவருக்குத் தன் முறையின் எல்லை தெரிந்தது.

அந்தச் சூப்பர்வைசர் செய்தது மூன்றே காரியம். உரையைக் கேட்கும்போது முடிவை மட்டும் குறிக்காமல் எந்தத் தோல், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் என்ற நிலைமைகளையும், அவற்றில் சொல்லாமல் விட்டதையும் குறித்துக்கொண்டார். அவற்றில் எது தன் இடத்தில் மாறுகிறது என்று தேடினார். அந்த வித்தியாசத்தை இரண்டு மூன்று வரியில் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘பார்த்தோம்’, ‘பார்க்கவில்லை’ என்றோ ஒரு பெயரிலோ எண்ணிலோ பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. “அந்தத் தோலை நாங்கள் சோதிக்கவில்லை” என்ற பதில்கூட உபயோகமானதுதான். நம்பி முதலீடு செய்யும் முன் என்ன சோதிக்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

எல்லாவற்றையும் மேடையில் கேட்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு டேனரிக்காரரே பேசும்போது அவருடைய ரெசிப்பியை, பையர் பெயரை, விலையைச் சபையில் கேட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார். “உங்கள் ரெசிப்பி என்ன?” என்பதைவிட, “கெட்டுப்போகிறது என்று முதலில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்?” என்று கேளுங்கள். தொழில் ரகசியம் எதையும் விட்டுக்கொடுக்காமல் அதற்கு அவர் மனம்விட்டுப் பதில் சொல்லலாம். சொல்வதற்கு அவருக்கும் ஆசை இருக்கும்.

தோல் தொழிலில் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். பாலாற்றங்கரை விவசாயி ஒருவர், “எங்கள் தண்ணீரை நாசம் பண்ணிட்டீங்களே” என்றால் அதில் நியாயம் இருக்கிறது. மேடைக்காரர் தற்காப்புக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். அதே விவசாயி தன் கிணற்று நீரின் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு வரட்டும். “இதுல குரோமியம் பெரிசா இல்ல, உப்புதான் ஏறிக்கிடக்கு. ஆர்.ஓ.வில பிரிச்செடுக்கிற உப்பை நீங்க எங்க வைக்கிறீங்க, மழையில நனையாம இருக்கா?” என்று கேட்கட்டும். அதைப் பொதுப் பேச்சில் கடந்துவிட முடியாது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, குரோமைப் போலப் படியவைத்து எடுக்கக்கூடியதல்ல. ஆவியாக்கிப் பிரித்த பிறகும் மூட்டையில் கட்டி வைக்க ஓர் இடம் வேண்டும். கேள்வி நேராக அந்த இடத்துக்குப் போகிறது.

மேடையில் கிடைப்பது இரண்டு நிமிடம்தான். மீதி தேநீர் நேரத்திலும், பேசியவர் பிறகு தன் உரையைப் பற்றி எழுதும் பதிவின் கீழும், தொலைபேசியிலும் நடக்கிறது. ‘அருமை சார்’ என்று எழுதினால் ஒரு கும்பிடு திரும்பி வரும். நம் சூப்பர்வைசர் என்ன செய்வார்? ஊருக்கு வந்ததும் இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஒரே டிரம் தண்ணீரை ஒரு லிட்டர் வீதம் பிடிப்பார். ஒன்றில் மட்டும் மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுப்பார். இரண்டிலும் ஒரே அளவு மக்னீசியம் ஆக்சைடு போட்டுக் கலக்கி, மறுநாள் காலையில் பி.எச். பார்த்துப் படம் எடுப்பார். “நீங்கள் கேட்டதைச் சோதித்துப் பார்த்தேன் சார். கொழுப்பெடுத்தது தெளிந்தது, ஆனால் மேலே இன்னும் லேசாகப் பச்சை இருக்கிறது” என்று படத்தோடு அனுப்புவார். ஆராய்ச்சியாளருக்கு அது சாதாரணமாகக் கிடைக்காத தகவல். பதில் எழுதாமல் இருக்க அவருக்கு மனம் வராது.

அடுத்த இதழிலிருந்து உங்கள் கேள்விகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். எந்த உரையைக் கேட்டீர்கள், உங்கள் இடத்தில் எது வேறுபடுகிறது, தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்று எது என மூன்றையும் ஒரு அஞ்சலட்டைக்குள் அடக்கி அனுப்புங்கள். உரியவரிடம் கொண்டுபோய்க் கேட்டு, பதிலையும் அவர் உங்களிடம் திருப்பிக் கேட்பதையும் சேர்த்தே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்