ஆயிரம் என்று எழுதி அறுநூறு கொடுப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது, திருவொற்றியூர் வீட்டில் என் புது யூபிஎஸ்ஸில் 700 வாட் ரைஸ் குக்கரைச் செருகினேன். கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோயிற்று. பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 விஏ. பின்பக்கம் பொடி எழுத்தில் 600 வாட். "ஆயிரம் சார்" என்று விற்ற கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் விஏ. ஆம்பியர் பிரெஞ்சுக்காரர் என்று பள்ளியில் பெருமையாகப் படித்தவன் நான்! அதில் வேலையாக மாறுவது மட்டுமே வாட். மோட்டார் காந்தப்புலத்துக்காக இழுக்கும் மின்னோட்டம் வேலை செய்யாமல் திரும்பிவிடும். ஆனால் கம்பி அதையும் சுமந்தாக வேண்டும். அதனால்தான் இரண்டு வரம்புகள். குக்கருக்கு இரண்டும் ஒன்றே: 700 விஏ, 700 வாட். முதல் வரம்புக்குள் அடங்கியது, இரண்டாவதைத் தாண்டிவிட்டது.

எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைக்கு ஜெனரேட்டர் வாங்குபவருக்கு இது தெரியும்: 0.8 பவர் ஃபேக்டரில் 10 கேவிஏ என்றால் 8 கிலோவாட்தான். வீட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் பொடி எழுத்து? இரண்டையும் ஒரே அளவில் அச்சிடட்டும். அதுவரை, நண்பர்களே, பெட்டியைத் திருப்பிப் பார்த்து, வாட்டைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள்.