ஷீட்டுக்கு அறுபது ரூபாயா, தொண்ணூறா?

ஆனி மாதம் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணிக்கு என் அக்கா மகளிடமிருந்து போன். வடக்கனந்தலில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள். அழுதுகொண்டே பேசினாள்.

“சித்தி, மாப்பிள்ளை பேரை மாத்திப் போட்டுட்டேன். வேற ஆல்பத்தோட பேரு. லேப்ல பிரிண்ட்டும் ஆயிடுச்சு. மறுபடி அடிக்கிற காசை என் கணக்குல கழிச்சுக்கறேன்னு ஸ்டுடியோக்காரர் சொல்றாரு.”

மூன்று வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு இதே வேலையைச் செய்தவள். அங்கே ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. தை மாதம் வேலையை விட்டு, கம்ப்யூட்டர் வாங்கி, நான்கு ஸ்டுடியோக்களிடம் வேலை பிடித்து, ஆறே மாதத்தில் இந்த நிலை. “எத்தனை மணிக்குத் தூங்கறே?” என்று கேட்டேன். பதில் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஸ் பிடித்துப் போய், அவள் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். ஃப்ரீலான்ஸாக வேலை தொடங்கும் யாருக்கும் முதல் வருடத்தில் இந்தக் கணக்கு உதவும் என்பதால் அப்படியே எழுதுகிறேன். உங்கள் வேலை வீடியோ எடிட்டிங்கோ, மொழிபெயர்ப்போ, டேலி கணக்கோ, எதுவாக இருந்தாலும் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்து மணி நேர வேலையா?

ஷீட்டுக்கு அறுபது ரூபாய் வாங்குகிறாள். ஏன் அறுபது? “எல்லாரும் அதான் வாங்கறாங்க” என்றாள். நாற்பது ஷீட் ஆல்பத்துக்கு 2,400 ரூபாய். பத்து மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன், மணிக்கு 240 ரூபாய் வருகிறது என்பது அவள் கணக்கு.

கடைசியாகச் செய்த ஆல்பத்தின் வாட்ஸ்அப் உரையாடலைத் திறக்கச் சொன்னேன். டிசைன் என்னவோ பத்து மணி நேரம்தான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று சுற்று கரெக்‌ஷன். “பெரியம்மா போட்டோ விட்டுப்போச்சு” என்று ஒரு தடவை, “பொண்ணு முகம் இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு” என்று ஒரு தடவை, முதலில் வேண்டாம் என்ற பின்னணியே மறுபடி வேண்டும் என்று ஒரு தடவை. இதற்கு ஆறு மணி நேரம். ஆக, பதினாறு. மணிக்கு 240 அல்ல, 150 ரூபாய்.

போட்டோக்களை டவுன்லோடு செய்வது, பஸ்ஸில் வரும் ஹார்டு டிஸ்க்கைப் போய் வாங்கி வருவது, பணத்துக்குப் போன் போடுவது எதுவும் இதில் சேரவில்லை. அதற்கெல்லாம் ஒரு நாளில் மூன்று மணி நேரம் போகிறது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் காசு தரும் வேலை ஐந்து மணி நேரம்தான். இது சோம்பலால் அல்ல. சம்பள வேலையில் இந்த மூன்று மணி நேரத்துக்கும் முதலாளி காசு கொடுத்தார். இப்போது கொடுப்பவர் யாருமில்லை.

ஆடியும் புரட்டாசியும் மார்கழியும்

அடுத்தது வருடக் கணக்கு. அவள் மாத வரவை மட்டும் பார்த்திருந்தாள். வைகாசியில் ஏழு ஆல்பம், 16,800 ரூபாய். பழைய சம்பளத்தைவிட அதிகம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

ஆனால் ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம் பக்கம் கல்யாணம் ஏது? ஆல்பம் வேலை கல்யாணத்துக்கு மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் கைக்கு வரும். அதனால் ஆடியின் வெறுமை உடனே தெரியாது. பழைய வேலை ஓடிக்கொண்டிருக்கும். ஆடி பாதியில் தொடங்கி ஆவணி வரை கை காயும். சேர்த்துப் பார்த்தால் வருடத்தில் ஒன்பது மாத வேலைதான். மாதம் இருபத்தைந்து நாள் வீதம் 225 நாள். காய்ச்சல், பொங்கல், கரண்ட் இல்லாத நாள், உறவுக்காரர் விசேஷம் என்று இருபத்தைந்தைக் கழித்தால் 200 நாள். நாளுக்கு ஐந்து மணி நேரம். வருடத்துக்கு ஆயிரம் மணி நேரம். அவளிடம் விற்பதற்கு இருப்பது அவ்வளவுதான்.

செலவையும் எழுதினோம். கம்ப்யூட்டரை நான்கு வருடத்தில் மாற்றியாக வேண்டும். அதற்கு ஒதுக்குவது, மென்பொருள் சந்தா, நெட், மின்சாரம், ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்ந்து மாதம் ஐயாயிரம் ரூபாய். வீட்டுக்கும் தனக்கும் அவளுக்கு வேண்டியது பதினெட்டாயிரம். மொத்தம் 23,000. பன்னிரண்டு மாதத்துக்கு 2,76,000 ரூபாய். அதை ஆயிரம் மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 276 ரூபாய். அவளுக்கு வருவது 150.

அதே 150-ல் ஆயிரம் மணி நேரம் உழைத்தால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். செலவு அறுபதாயிரம் போனால் மிச்சம் தொண்ணூறாயிரம். மாதத்துக்கு 7,500 ரூபாய்!

நோட்டை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கூப்பிட்டு இன்னொரு கணக்கையும் போட வைத்தேன். மணிக்கு 150 ரூபாயிலேயே 2,76,000 சம்பாதிக்க வேண்டுமானால் 1,840 மணி நேரம் வேண்டும். இருநூறு நாளில் பிரித்தால் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் டிசைன். அதன்மேல் அந்த மூன்று மணி நேரம். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. கண் எரிச்சல், மணிக்கட்டு வலி, மாப்பிள்ளை பெயர் மாறியது எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. வீட்டில் அவள் கவனக்குறைவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். குறை ரேட்டில் இருந்தது.

ரேட்டை ஏற்றுமுன்

276 ரூபாயைப் பதினாறு மணி நேரத்தால் பெருக்கினால் ஆல்பத்துக்கு 4,416. ஷீட்டுக்கு 110 ரூபாய். அறுபதிலிருந்து ஒரே தாவாக அங்கே போனால் எந்த ஸ்டுடியோவும் போனை எடுக்காது. அதனால் முதலில் நேரத்தில் கை வைத்தோம். கரெக்‌ஷன் இரண்டு சுற்று மட்டும். துண்டு துண்டாகக் குரல் பதிவு அனுப்பக் கூடாது, ஷீட் எண் போட்டு ஒரே பட்டியலாகத் தர வேண்டும். இப்படிச் செய்தால் கரெக்‌ஷன் மூன்று மணி நேரத்தில் முடியும். ஆல்பம் பதிமூன்று மணி நேரம். அப்போது ஷீட்டுக்குத் தொண்ணூறு ரூபாய் போதும். மூன்றாவது சுற்றுக்கு ஷீட்டுக்கு இருபது ரூபாய் தனி. இந்த இருபது ரூபாய் சம்பாதிப்பதற்காக அல்ல. அதைச் சொன்னதும் கல்யாண வீட்டார் இரண்டாவது சுற்றிலேயே கவனமாகப் பார்த்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சேர்த்தோம். பெயர், தேதி உள்ள ஷீட்டைத் தனியே அனுப்பி, “சரிபார்த்துவிட்டோம், பிரிண்ட்டுக்கு அனுப்பலாம்” என்று எழுத்தில் வாங்கிய பிறகே இறுதி ஃபைல் போகும். அதன்பின் பெயரில் பிழை தெரிந்தால் பொறுப்பு அவளுடையது மட்டும் அல்ல.

பழைய ஆட்களிடம் திடீரென்று ரேட் ஏற்றக் கூடாது. ஒப்புக்கொண்ட வேலை பழைய ரேட்டிலேயே முடிய வேண்டும். ஆவணி முதல் தேதியிலிருந்து புது ரேட் என்று ஆனியிலேயே நான்கு பேருக்கும் செய்தி அனுப்பினாள். அவர்களும் கல்யாண வீட்டாரிடம் ஆல்பம் விலையை முன்கூட்டியே பேசுகிறவர்கள். அவர்களுக்கும் அவகாசம் வேண்டும்.

யாரை விடுவது?

செய்தி அனுப்புவதற்கு முன்பே நால்வரையும் நோட்டில் எழுதியிருந்தோம். ஒரு ஆல்பத்துக்கு எத்தனை மணி நேரம், பணம் எத்தனை நாளில் வந்தது என்ற இரண்டே விவரம். மாதம் மூன்று ஆல்பம் தருகிறவரைத்தான் அவள் பெரிய ஆள் என்று நினைத்திருந்தாள். அவர் வேலைக்குத்தான் அதிக நேரம் போயிருந்தது. பணமும் மூன்று மாதம் கழித்து வந்திருந்தது. ராத்திரி பதினொரு மணிக் குரல் பதிவுகளும் அவருடையவைதான். ஒரு ஆல்பம் மட்டும் தருகிறவர் ஃபைல் போன அன்றே ஜிபேயில் போட்டுவிடுகிறார். அதிக வேலை தருகிறவரே நல்ல வாடிக்கையாளர் என்பது முதல் வருடத்தில் எல்லோரும் நம்புகிற பொய்.

ஆனாலும் அந்தப் பெரிய ஆளை அவளாக வெட்டிவிட வேண்டாம் என்றேன். புது ரேட், பாதி முன்பணம், மீதி வந்த பிறகே இறுதி ஃபைல் என்ற நிபந்தனையை அவர்முன் வைத்தால் முடிவை அவரே எடுத்துவிடுவார். எடுத்தார். “வேற ஆள் இருக்காங்க” என்று சொல்லிவிட்டார். இன்னொருவர் பதிலே போடவில்லை. ஒருவர் தொண்ணூறுக்குச் சம்மதித்தார். ஒருவர் எண்பதுக்குப் பேரம் பேசினார். முழுப் பணமும் முன்பே தருவதாகச் சொன்னதால் ஒப்புக்கொண்டாள்.

பணம் நிற்கிற இடத்தில் ஒரு சட்டமும் இருக்கிறது. சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. தனி ஆளாக வீட்டிலிருந்து வேலை செய்பவரும் ஆதார், பான் எண்களோடு udyamregistration.gov.in தளத்தில் ‘உத்யம்’ பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. காசு கேட்கும் போலித் தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வேலையை ஒப்படைப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டியது முக்கியம். ஆனால் 2,400 ரூபாய்க்காகப் பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர்மேல் புகார் கொடுப்பது நடைமுறையில் நடக்கிற காரியமில்லை. சென்னை, கோவை நிறுவனங்களுக்குப் பெரிய தொகையில் வேலை செய்கிறவர்களுக்கு இது கை கொடுக்கும். உள்ளூருக்கு முன்பணம்தான் சட்டம்.

இப்போது கார்த்திகை. போன வாரம் கணக்கை மறுபடி பார்த்தோம். மாதம் ஐந்து ஆல்பம், 17,200 ரூபாய். வைகாசியைவிட நானூறு ரூபாய்தான் கூடுதல். ஆனால் அப்போது 112 மணி நேரம், இப்போது 65. எங்கள் 276 ரூபாய்க் கணக்கு முழுமையாக வர இன்னும் மூன்று, நான்கு ஆல்பம் வேண்டும். மிச்சமாகும் நேரத்தில் சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் ஸ்டுடியோக்களில் சாம்பிள் காட்டிவிட்டு வருகிறாள். மார்கழிக்கு இரண்டு பள்ளிகளின் ஆண்டு மலர் பேசி வைத்திருக்கிறாள். ஏழரை மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுகிறாள்.

“ராத்திரி மெசேஜ் வந்தா என்ன பண்றே?” என்று கேட்டேன்.

“காலைல ஒன்பது மணிக்குப் பாக்கறேன் சித்தி. இதுவரைக்கும் யாரும் எதுவும் கேக்கல.”