மைதானத்துக்கே வராதவருக்குக் கட்டிய காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

பெப்ரவரி மாதம் ஹாரோவில் ஒரு பெட்டிங் கடையில், விம்பிள்டன் ஆண்கள் பட்டத்தை வெல்வார் என்று ஓர் இளம் வீரர்மேல் 20 பவுண் கட்டினேன். விகிதம் 80க்கு 1. ஜூன் நடுவில், ஆட்ட அட்டவணை போடுவதற்கு முன்பே, முழங்கால் காயம் என்று அவர் விலகிவிட்டார். காசைக் கேட்டேன். “இது முன்கூட்டிய பந்தயம் அங்கிள், அவர் ஆடினாலும் ஆடாவிட்டாலும் போனது போனதுதான்” என்றார் கவுண்டரில் நின்ற பிள்ளை. சீட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் பொடி எழுத்தில் கிடந்தது.

போட்டி நடுவில் விலகினால் காசு போவது வேறு கதை. 2022 விம்பிள்டனில் ரஃபேல் நடால் ஐந்து ஆட்டங்கள் வென்று, வயிற்றுத் தசை கிழிந்து அரையிறுதிக்கு வரவில்லை. அவர்மேல் கட்டியவர்கள் தோற்றார்கள், அதில் குறை சொல்ல முடியாது. வேறொருவர் விலகும்போது என் சீட்டின் விகிதத்தைக் கடைக்காரர்கள் குறைப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் களத்துக்கே வராதவருக்கு?

விலகும் அபாயத்துக்கும் சேர்த்துத்தான் பெரிய விகிதம் தருகிறோம் என்பது கடைக்காரர் சொல்லும் நியாயம். அந்த விகிதம் உண்மையில் பெரியதா என்று பார்த்தேன். நான் காசு கட்டிய அதே நாளில், ஆட்கள் ஒருவருக்கொருவர் பந்தயம் கட்டும் இணையச் சந்தையில் என் வீரருக்கு 149க்கு 1. முதல் நிலை வீரருக்குக் கடையில் 2க்கு 1, சந்தையில் 2.2க்கு 1. சந்தை விலைதான் உண்மையான வாய்ப்பைக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் நிலை வீரர்மேல் போடும் ஒவ்வொரு பவுணிலும் சராசரியாக 94 பென்ஸ் திரும்பும். என் வீரர்மேல் போட்டதில் 54 பென்ஸ்தான்.

காரணம் புரியாததல்ல. முதல் நிலை வீரரின் விலையை எல்லாரும் கடைக்குக் கடை ஒப்பிடுவார்கள், அங்கே லாபத்தைக் கூட்ட முடியாது. கடைசி வரிசை வீரரின் வாய்ப்பு 150இல் ஒன்றா, 300இல் ஒன்றா என்று கடைக்கே சரியாகத் தெரியாது. தவறிப்போனால் கொடுக்கவேண்டிய தொகை பெரிது, ஆகவே குறைத்தே போடுகிறார்கள். நாங்களோ 80 என்றாலே வாயைப் பிளக்கிறோம். 149 ஏன் இல்லை என்று கேட்பதில்லை. பெரிய வெற்றிக் கனவுக்கு ஆட்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் குதிரைப் பந்தயக் கணக்குகளை வைத்து 1949லேயே எழுதிவிட்டார்கள்.

குதிரைப் பந்தயத்தில், ஓடாவிட்டால் காசு திரும்பும் என்ற நிபந்தனையோடு சற்றுக் குறைந்த விகிதத்தில் தனிப் பந்தயமே விற்கிறார்கள். டென்னிஸ் பட்டப் பந்தயத்திலும் அப்படி இரண்டையும் அருகருகே காட்டலாம். குறைந்தபட்சம், வீரர் முதல் ஆட்டத்துக்கு வராவிட்டால் காசு திரும்புமா இல்லையா என்பதை விகிதத்துக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் சீட்டில் அச்சிடச் சூதாட்ட ஆணையம் கட்டாயப்படுத்த வேண்டும். என் 20 பவுணை நான் இப்போது கேட்கவில்லை.

ஒரு வாசகர்,
ஹாரோ, லண்டன்