அரை மில்லிமீட்டர் கணக்கு

1879-இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில், விதைப் பைகளில் மடிப்புத் தடம் பதிக்கவேண்டிய உலோகப் பட்டை இடம் மாறி, பைகளை வெட்டிவிட்டது. பைகள் பாழ். ஆனால் ஒரே அழுத்தத்தில் வெட்டையும் மடிப்பையும் போடலாம் என்பது கேருக்குப் பிடிபட்டது. மடக்கு அட்டைப்பெட்டித் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. இன்றும் சிவகாசியோ தில்லியோ, டை பஞ்சிங் என்பது அதேதான்: வெட்டக் கூரான பிளேடு, மடிக்க மழுங்கிய பட்டை. எது எங்கே என்று சொல்லும் வரைபடம் டைலைன்.

மயூர் விஹார் ஃபிளாட் ஒன்றில் மாவடு போட்டு விற்கும் ஒரு மாமி, பாட்டிலுக்குப் பெட்டி செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலின் குறுக்களவு 60 மில்லிமீட்டர். நுழைய ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டால் பெட்டியின் உள்ளளவு 61. அட்டையின் கனம் அரை மில்லிமீட்டர். மடிக்கும்போது அந்தக் கனம் உள்ளே கொஞ்சம் இடத்தைத் தின்னும். எனவே ஒரு மடிப்புக்கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு 61.5 இருக்கவேண்டும்.

பக்கங்கள் நான்கு. முதல் பக்கத்தின் ஓரத்தில் 15 மில்லிமீட்டர் ஒட்டுப்பட்டை. நான்காவது பக்கம் அதன்மேல் உட்கார்ந்து ஒட்டிக்கொள்ளும். அதையும் 61.5 என்று வரைந்தால் அதன் விளிம்பு மூலையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், அடுக்கும்போது பிசிறும். அதனால் அதற்கு மட்டும் 61. ஆக விரித்த அகலம் 15, மூன்று 61.5, ஒரு 61: மொத்தம் 260.5.

மூடியிலும் இதே நியாயம். பக்கவாட்டுக் காதுகள் மூடிக்கு அடியில் மடங்குவதால், அவற்றின் மடிப்புக்கோடு மூடியின் கோட்டைவிட அரை மில்லிமீட்டர் கீழே இருக்கவேண்டும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் மூடி சமமாகப் படியாமல் எழும்பி நிற்கும்.

ஒட்டுப்பட்டையில் மையும் வார்னிஷும் கூடாது, பசை பிடிக்காது. ஒட்டிய இடத்தைப் பிய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அட்டையின் நார் கிழிந்து வந்தால் நல்ல ஒட்டு. வழவழவென்று உரிந்தால் ஒட்டவே இல்லை.

பெரும்பாலும் கோட்டை விடுவது கடைசிக் கணக்கில். மடித்த பெட்டியின் வெளியளவு 62. பார்சல் பெட்டியில் வரிசைக்கு நான்கு என்றால் 248 தேவை. உள்ளளவை வைத்து 244 என்று சொல்லிவிட்டால் நான்காவது பெட்டி நசுங்கித்தான் உள்ளே போகும்.

டைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், அச்சிடப்போகும் அதே அட்டையில் ஒன்றைக் கையால் வெட்டி, மடித்து, ஒட்டி, பாட்டிலை நுழைத்துப் பார்ப்பது உத்தமம். கணினியில் கோட்டை நகர்த்தக் காசில்லை. மரப்பலகையில் பிளேடு இறங்கிவிட்டால் ஒவ்வொரு அரை மில்லிமீட்டருக்கும் காசு.