மூன்று ஒப்பந்தங்கள், ஒரே தாள்

சில மாதங்களுக்கு முன் குருநாகலிலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். பிரதான வீதியில் அவருக்கு ஒரு கடை குத்தகைக்கு இருக்கிறது. குத்தகை முடிய இன்னும் 6 வருடங்கள். பொரித்த கோழியும் சோறும் விற்கும் பெயர் போன கம்பனி ஒன்றின் கிளையை அதில் பிரான்சைஸ் முறையில் எடுத்து நடத்துவது அவருடைய எண்ணம். மூன்று கம்பனிகள் ஒப்பந்த நகல் கொடுத்திருந்தன. மூன்றும் ஆங்கிலத்தில், ஒவ்வொன்றும் 40 பக்கத்துக்குக் குறையாது.

“நானா, மூன்றாவது கம்பனி நுழைவுக் கட்டணமும் கேட்கவில்லை, ரோயல்டியும் கேட்கவில்லை. அதையே எடுக்கலாம் என்று பார்க்கிறேன்” என்றார்.

“மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். இல்லை என்றார். அன்று பின்னேரம் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். அந்தத் தாள் காட்டிய விடயங்கள் நம் வியாபாரிகள் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்கும் கம்பனி, கையொப்பத்துக்கு 14 நாட்களுக்கு முன்னரே 23 தலைப்புகள் கொண்ட விபர அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். கட்டணங்கள் ஐந்தாம், ஆறாம் தலைப்புகளிலும், பிரதேச உரிமை பன்னிரண்டாம் தலைப்பிலும், முடிவுறுத்தும் நிபந்தனைகள் பதினேழாம் தலைப்பிலும் வரும். எந்தக் கம்பனியின் அறிக்கையை எடுத்தாலும் இதே ஒழுங்குதான். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் சட்டப்படி 10 நாட்களுக்கு முன் ஒப்பந்த நகலையும் விபரங்களையும் கொடுக்க வேண்டும். நமது நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. கையொப்பமிட்ட ஒப்பந்தம் எதுவோ அதுதான் பேசும். ஆகவே அங்கே சட்டம் செய்து கொடுக்கும் வேலையை இங்கே நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தாளில் மூன்று நிரல்கள் போட்டோம், கம்பனிக்கு ஒன்றாக. வரிகள் மூன்று பகுதி: கட்டணம், பிரதேசம், முடிவு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்பந்தத்தின் சொற்களை அப்படியே எழுதி, பக்கத்தில் வாசக இலக்கத்தையும் போட்டோம். நம் சொல்லில் சுருக்கினால் “ஆனால்”, “தவிர” என்ற சொற்கள் காணாமற் போய்விடும். விடயமே அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாததற்கு, கட்டத்தை வெறுமையாக விடாமல் “சொல்லப்படவில்லை” என்று சிவப்பு மையில் எழுதினோம். மூன்று நகல்களிலும் கடைசியில் ஒரு வாசகம் இருந்தது: இந்த ஒப்பந்தத்தில் உள்ளதைத் தவிர வேறு எந்த வாக்குறுதியும் செல்லாது. ஆகவே கம்பனியின் ஆள் தேநீர் குடித்துக்கொண்டு வாயால் சொன்னது எதுவும் தாளில் ஏறவில்லை.

முதலில் கட்டணம். ஒரு கம்பனி 30 இலட்சமும் 5 வீதமும் என்கிறது. இன்னொன்று 60 இலட்சமும் 6 வீதமும் என்கிறது. இவற்றை இப்படியே பக்கத்தில் வைத்தால் ஒப்பிட முடியாது. எல்லாவற்றையும் “என் கடையில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு” என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தம்பி எதிர்பார்க்கும் மாத விற்பனை 25 இலட்சம்.

முதலாவது கம்பனி: நுழைவுக் கட்டணம் 30 இலட்சம், காலம் 5 வருடம். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50,000 ரூபா. ரோயல்டி 5 வீதம், 1,25,000. விளம்பர நிதி 1 வீதம், 25,000. மொத்தம் 2 இலட்சம். அதாவது விற்பனையில் 8 வீதம்.

இரண்டாவது: நுழைவுக் கட்டணம் 60 இலட்சம், காலம் 10 வருடம். 120 மாதத்துக்குப் பிரித்தால் இதிலும் மாதம் 50,000தான் வருகிறது. ஆனால் தம்பியின் குத்தகைக்கு 6 வருடம்தான் மிச்சம். கட்டிடக்காரர் புதுப்பித்துத் தராவிட்டால் 72 மாதத்துக்குத்தான் பிரிக்கலாம். அப்போது 83,000 ரூபா. ரோயல்டி 6 வீதம், விளம்பர நிதி 3 வீதம், இரண்டும் சேர்ந்து 2,25,000. மொத்தம் 3,08,000. விற்பனையில் 12 வீதத்துக்கு மேல்.

தம்பி விரும்பிய மூன்றாவதில் நுழைவுக் கட்டணமும் ரோயல்டியும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மசாலா, கோழி, பெட்டி, கோப்பை எல்லாவற்றையும் கம்பனியிடமே வாங்க வேண்டும். விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி, வெளிச்சந்தையில் அதே தரத்துக்கு விலை விசாரித்தார். கம்பனியிடம் 10 இலட்சத்துக்கு வாங்கும் சாமான் வெளியே 8 இலட்சம். அந்த 2 இலட்சம்தான் ரோயல்டி, பெயர் மட்டும் வேறு. பில் போடும் மென்பொருளுக்கு மாதம் 15,000 வேறு. மொத்தம் 2,15,000. இலவசம் என்ற கம்பனி முதலாவதைவிடக் கூட எடுக்கிறது.

அதோடு மாதம் குறைந்தது 9 இலட்சத்துக்கு வாங்கியே ஆக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வியாபாரம் மந்தமாகி விற்பனை 15 இலட்சமாக விழுந்தால் தேவைப்படுவது 6 இலட்சத்துச் சாமான். மிச்ச 3 இலட்சத்துச் சாமான் மாதா மாதம் குளிரூட்டியில் கிடக்கும். வீத ரோயல்டி விற்பனையோடு சேர்ந்து இறங்கும், குறைந்தபட்சக் கொள்வனவு இறங்காது. ஆகவே கட்டண வரியை இரண்டு தடவை கணக்குப் பார்க்க வேண்டும், எதிர்பார்க்கும் விற்பனைக்கு ஒரு தடவை, மந்த காலத்து விற்பனைக்கு ஒரு தடவை.

“விற்பனை” என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் என்ன பொருள் தருகிறது என்பதையும் முன்பக்கங்களில் பார்க்க வேண்டும். இரண்டாவது நகலில் வாடிக்கையாளர் கொடுக்கும் முழுத் தொகையும் விற்பனை. வீட்டுக்குக் கொண்டு கொடுக்கும் செயலிக்காரர் 100 ரூபாவில் 25 ரூபாவைத் தரகாகக் கழித்துக்கொண்டு 75 ரூபா தந்தாலும், ரோயல்டி 100க்குத்தான்.

அடுத்தது பிரதேசம். முதலாவது கம்பனி குருநாகல் மாநகர எல்லைக்குள் தனி உரிமை தருகிறது. தம்பிக்கு மிகவும் சந்தோஷம். பின்னால் அட்டவணையில், மூன்று மாதச் சராசரி விற்பனை 30 இலட்சத்துக்குக் குறைந்தால் தனி உரிமை நீங்கும் என்று ஒரு வரி இருந்தது. அவர் எதிர்பார்ப்பதோ 25 இலட்சம். அப்படியானால் அந்த உரிமை முதல் மூன்று மாதத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாவது கம்பனி 2 கிலோமீற்றர் சுற்றளவு தருகிறது, “கம்பனியின் சொந்தக் கடைகளையும் ஏனைய விநியோக வழிகளையும் தவிர”. ஏனைய வழி என்றால் சுப்பர் மார்க்கெட் கவுண்டரும் செயலி விநியோகமும்தான். நான்கு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கிளை மோட்டார் சைக்கிளில் அவருடைய கடை வாசலுக்கே பார்சல் அனுப்பலாம். மூன்றாவதில் பிரதேசம் பற்றி ஒரு வரியும் இல்லை. சிவப்பு மை. “எதிர்க் கடையைத் திறக்க மாட்டார்கள் நானா” என்றார் தம்பி. திறக்க மாட்டார்கள் என்றால் அதை எழுதித் தருவதில் அவர்களுக்கு என்ன நட்டம்?

கடைசியாக, ஒப்பந்தம் எப்படி முடியும்? நம்மவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதே இல்லை. நானும் ஒரு காலத்தில் ஒரு முகவர் ஒப்பந்தத்தில் இதை வாசிக்காமல் கையொப்பமிட்டு, 30 நாள் கடிதம் ஒன்றில் களஞ்சியம் நிறையச் சாமானோடு நின்றவன்தான். இதை ஒப்பிட ஒரே கேள்வி போதும்: இரண்டு வருடம் முடிந்த அன்று ஒப்பந்தம் நின்றால் என் கையை விட்டுப் போவது எவ்வளவு?

முதலாவதில் கம்பனி காரணம் சொல்லாமலே 90 நாள் அறிவித்தலில் நிறுத்தலாம். நுழைவுக் கட்டணத்தில் மிச்சம் 36 மாதத்துக்கு உரிய 18 இலட்சம் திரும்பாது. மூன்றாவதில் எந்தத் தரப்பும் 60 நாளில் நிறுத்தலாம். மிஞ்சிய சாமானைக் கம்பனி திருப்பி எடுக்கும் என்று சொல்லப்படவில்லை. 20 இலட்சம் வைப்புப் பணம் 180 நாட்களுக்குப் பிறகு, வட்டியில்லாமல், கழிக்க வேண்டியதைக் கழித்துத் தரப்படும்.

இரண்டாவதில் நின்றபோதுதான் தம்பியின் முகம் மாறியது. கட்டணம் பிந்தினால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். தரக் குறைவு என்றால் திருத்த அவகாசமே இல்லை, உடனே நிறுத்தலாம். நிறுத்தினால் மிச்சமுள்ள காலம் முழுவதற்கும் சராசரி ரோயல்டியைச் செலுத்த வேண்டும். மாதம் 1,50,000 வீதம் மிச்சம் 96 மாதத்துக்கு ஒரு கோடியே 44 இலட்சம். அதற்குத் தம்பி சொந்தப் பெயரில் உத்தரவாதம் வைக்க வேண்டும். கடை ஒரு தனியார் கம்பனியின் பெயரில் இருந்தாலும் அந்தக் கையொப்பத்தால் வீடு வளவு வரை கேள்விக்கு வரும். குத்தகை 6 வருடத்தில் முடிந்து கடை மூடப்பட்டால்? அதுவும் ஒப்பந்தத்தை மீறியதாகவே அங்கே எழுதியிருக்கிறது.

இப்போது தாளை மேலிருந்து கீழாக வாசியுங்கள். இதுதான் நான் சொல்ல வந்தது. கட்டணம், பிரதேசம், முடிவு என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சுமக்கக்கூடியதாகத்தான் தெரியும். ஒரே கம்பனியின் நிரலில் மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒன்று மற்றொன்றை இழுப்பது தெரியும். முதலாவதில் விற்பனை இலக்கைத் தொடாவிட்டால் பிரதேசம் போகும். பிரதேசம் போனால் பக்கத்தில் இன்னொரு கிளை வரும். விற்பனை இன்னும் விழும். அதன்பின் 90 நாள் கடிதம் வருவதற்குக் காரணமும் தேவையில்லை. எது மலிவு என்பதைவிட, எது அறுந்தால் எதெல்லாம் சேர்ந்து அறும் என்பதையே பார்க்க வேண்டும்.

தம்பி அந்தத் தாளோடு சட்டத்தரணியிடம் போனார். 120 பக்கத்தையும் ஆரம்பத்திலிருந்து விளக்கும் வேலை அவருக்கு இருக்கவில்லை. சிவப்பு மையும் வாசக இலக்கங்களும் நேராக இடத்தைக் காட்டின. பிறகு முதலாவது கம்பனியிடம் மூன்று திருத்தம் கேட்டார்: தனி உரிமைக்கான இலக்கு 20 இலட்சமாக வேண்டும், காரணமின்றி நிறுத்தினால் நுழைவுக் கட்டணத்தின் மிச்சத்தைத் திருப்ப வேண்டும், விநியோகச் செயலி மூலம் இந்த எல்லைக்குள் வரும் ஓடர்கள் இந்தக் கடைக்கே வர வேண்டும். முதல் இரண்டையும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பின் பெறுமதியை அறிந்துகொண்டுதான் தம்பி கையொப்பமிட்டார்.

ஒப்பந்தத்தில் எல்லாம் நம் பக்கம் வராது. கொடுக்கப் போவது என்னவென்று கையொப்பத்துக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரு பெரிய தாள், இரண்டு நிறப் பேனை, ஒரு பின்னேரம்.