12 வாரம் கொடுக்கலாமா? ஆன்லைன் சான்றிதழ் கோர்ஸை எடைபோட 3 கேள்விகள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு இளம் சூப்பர்வைசரை எடுத்துக்கொள்வோம். சூளையிலிருந்து வரும் கோப்பைகளில் சில நாட்கள் கழித்து மயிரிழை போன்ற விரிசல் தெரிகிறது. தொழிலில் இதை 'கிரேசிங்' என்பார்கள். இதற்குத் தீர்வு கிடைக்கும் என்று அவர் ஆன்லைனில் செராமிக் கோர்ஸ் தேடுகிறார். 12 வாரம், முடிவில் சான்றிதழ். சேரலாமா?

அதைச் சொல்வது கோர்ஸின் பெயர் இல்லை. பாடத்திட்டம், புராஜெக்ட், தேர்வு முறை, இந்த மூன்றும்தான்.

பாடத்திட்டத்தில் என்ன பார்ப்பது?

முதலில் தன் பிரச்னையை ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். சூளை ஆறும்போது கோப்பையின் மண் உடலைவிட மேலே உள்ள கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால், கிளேஸ் இழுபட்டு விரிசல் விடும். ஆக, பாடத்திட்டத்தில் அவர் தேட வேண்டியவை வெப்ப விரிவு, கிளேஸ் கலவை, சுடும் வெப்பநிலை ஆகிய மூன்றும். இவற்றுக்கு எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாற வாய்ப்பு உண்டு. உதாரணமாக, ஐஐடி காரக்பூரின் 'அட்வான்ஸ்டு செராமிக்ஸ் ஃபார் ஸ்ட்ராடஜிக் அப்ளிகேஷன்ஸ்' என்ற என்.பி.டி.இ.எல். வீடியோ வரிசை, மின், காந்தப் பண்புகளுக்காகப் பயன்படும் உயர்நுட்பப் பொருட்களைப் பற்றியது. ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு அது பொருந்தும். கோப்பையில் விரிசல் ஏன் வருகிறது என்று தேடுபவருக்கு அது வேறு ஊர் பஸ். பாடம் மோசம் என்று அர்த்தமில்லை, தேவை வேறு, அவ்வளவுதான்.

புராஜெக்ட் என்றால் எது?

ரெடிமேட் எண்களைக் கொடுத்து விடையை நிரப்பச் சொன்னால் அது வீட்டுப்பாடம். நிஜமான புராஜெக்டில் தரவு நம்முடையதாக இருக்கும், விடை முன்கூட்டியே தெரியாது, யாராவது படித்துக் குறை சொல்வார்கள்.

நம் சூப்பர்வைசருக்கு அது எப்படி இருக்கும்? ஒரே மண்ணில் ஐந்து ஓடுகள். கிளேஸில் சிலிக்காவை 0, 5, 10, 15, 20 சதவீதம் என்று கூட்டிப் பூசி, ஐந்தையும் ஒரே சூளையில் ஒன்றாகச் சுட வேண்டும். பிறகு சூடாக்கி, குளிர்ந்த நீரில் போட்டு, மேலே மை தடவித் துடைத்தால் விரிசல் உள்ள இடத்தில் கோடு தெரியும். சிலிக்கா கூடினால் பொதுவாக விரிசல் குறையும். ஆனால் ஓரளவுக்கு மேல் போனால் அதே சூட்டில் கிளேஸ் சரியாக உருகாது, சொரசொரப்பாக நின்றுவிடும். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் புராஜெக்ட். வீடியோவும் வினாடி வினாவும் மட்டுமே உள்ள கோர்ஸில் இது கிடைக்காது. சேர்ந்தால், இந்த வேலையை அவரே தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

தேர்வு எப்படி நடக்கிறது?

வீட்டிலிருந்தே எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிப் பாஸ் ஆகும் வினாடி வினா என்றால், அந்தச் சான்றிதழ் "முடித்தார்" என்று மட்டுமே சொல்கிறது.

என்.பி.டி.இ.எல். முறை வேறு. பாடத்தில் சேர கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தித் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வழக்கமான கணக்கு: வாராந்திர அசைன்மென்டுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாகத் தேவை. அசைன்மென்டில் 20 எடுத்தவர் தேர்வில் 28 எடுத்தால் மொத்தம் 48 வரும். ஆனாலும் சான்றிதழ் கிடையாது. நண்பரிடம் விடை வாங்கி அசைன்மென்டை நிரப்புகிறவர் மாட்டுவது இங்கேதான். இதே வடிகட்டல்தான் அந்தச் சான்றிதழுக்கு எடை தருகிறது.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. இந்தத் தேர்வு பெரும்பாலும் கொள்கை தெரியுமா என்று கேட்கும், கை வேலை தெரியுமா என்று கேட்காது. சூளை முன் நிற்கத் தெரிந்தவர் என்பதை முதலாளியிடம் நிரூபிக்க, மதிப்பெண்ணோடு அந்த ஐந்து ஓடுகளும் சுட்ட விவரம் எழுதிய நோட்டும் தேவை.

சரி, முடிவு?

சேரும் முன் ஒரு மாலை போதும். பழைய வகுப்பு வீடியோக்கள் திறந்தே கிடக்கின்றன, தன் பிரச்னைக்கு நெருக்கமான ஒரு பாடத்தைப் பார்க்கலாம். தேவையான மூன்று தலைப்புகளும் இரண்டு வாரத்திலேயே முடிந்துவிடுகிறதா? அப்படியென்றால் அந்த இரண்டு வாரத்தை மட்டும் பார்த்தால் போதும், மீதி நேரத்தைச் சூளையில் செலவிடலாம். வேலை மாறவோ மேல்படிப்புக்கோ சான்றிதழ் தேவைப்பட்டால் மட்டும், 12 வாரமும் தேர்வும் கணக்கில் வரும்.